நட்டத்தின் அளவு மட்டும் போதாது

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. நிஃப்டி அன்று ஒரே நாளில் 12.98 சதவீதம் சரிந்தது. காலையிலேயே 10 சதவீதம் விழுந்ததால் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கிய பிறகும் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் அமைதியான விலைகளை வைத்து ரிஸ்க் கணக்கிட்டவர்களின் அறிக்கைகளில் இப்படி ஒரு நாளுக்கு இடமே இருந்திருக்காது. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

முதலீட்டுத் தொகுப்புகளின் ரிஸ்க்கைக் கணக்கிடுவது என் தொழில். இந்தத் தொழிலில் அதிகம் புழங்குவது 'வேல்யூ அட் ரிஸ்க்' என்ற ஒற்றை எண். ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவராக இருந்த டென்னிஸ் வெதர்ஸ்டோன், நாள்தோறும் மாலை 4.15 மணிக்கு வங்கியின் மொத்த ரிஸ்க்கையும் ஒரே பக்கத்தில் தரச் சொன்னார். அந்த வழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த முறையை 1994-இல் அந்த வங்கியே 'ரிஸ்க்மெட்ரிக்ஸ்' என்ற பெயரில் வெளியே கொடுத்தது. பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. பயனுள்ள எண்தான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் பணத்தைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஒரு தொகுப்பை முழுதாகக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

தொகுப்பும் அதன் ஒற்றை எண்ணும்

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. கையில் 1 கோடி ரூபாய். மாதம் 50,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 6 லட்சம், இதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். இது நான் உதாரணத்துக்காக அமைத்த தொகுப்பு. ஆனால் ஏறக்குறைய இதே சாயலில்தான் பல தொகுப்புகள் என் மேசைக்கு வருகின்றன.

நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 40 லட்சம். மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகளில் 15 லட்சம். நீண்ட கால அரசுப் பத்திரங்களை வாங்கும் கில்ட் ஃபண்டில் 20 லட்சம். அதிக வட்டிக்காகத் தரம் சற்றுக் குறைந்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களை வாங்கும் கிரெடிட் ரிஸ்க் ஃபண்டில் 15 லட்சம். தங்கத்தில் 10 லட்சம். பார்ப்பதற்கு நன்றாகப் பரவிய தொகுப்பு. பங்கு இருக்கிறது, கடன் பத்திரம் இருக்கிறது, தங்கமும் இருக்கிறது.

சந்தை அமைதியாக இருக்கும் ஓர் ஆண்டில் பங்குகளின் தினசரி ஏற்ற இறக்கத்தை 0.9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 55 லட்சம் பங்கு முதலீட்டில் அது சுமார் 50,000 ரூபாய். மற்றவற்றையும் சேர்த்தால் தொகுப்பு முழுவதற்கும் 55,000 ரூபாய் அளவுக்கு வரும். அதை 1.65-ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 90,000. 95 சதவீத நம்பகத்தில் ஒரு நாளுக்கான வேல்யூ அட் ரிஸ்க் இதுதான். 20 வர்த்தக நாட்களில் 19 நாட்கள் நட்டம் 90,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று அது சொல்கிறது.

இருபதாவது நாளில் எவ்வளவு போகும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2020 மார்ச் 23-இன் சரிவை நிஃப்டி ஃபண்டுக்கு மட்டும் போட்டால் 5.19 லட்சம் போகிறது. அந்த 90,000-ஐப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. இந்த எண் அண்மைய விலைகளிலிருந்து பிறப்பது. சந்தை நீண்ட நாள் அமைதியாக இருந்தால் எண் சுருங்கும். எண் சுருங்கியதைப் பார்த்துத்தான் மேலும் கொஞ்சம் பங்கு வாங்கலாமே என்று தோன்றும். வீழ்ச்சி வந்த பிறகு எண் பெருகும். அப்போது அது தெரிந்து என்ன செய்வது? விற்கக் கூடாத விலையில் விற்கச் சொல்லிப் பயமுறுத்தத்தான் அது உதவும்.

பழைய அடியை இன்றைய கையிருப்பில் போடுவது

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பதன் அடிப்படை எளிது. முன்பு நடந்த ஒரு நெருக்கடியில் ஒவ்வொரு வகைச் சொத்தும் எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை இன்று கையில் இருக்கும் தொகையின் மீது போட வேண்டும். 'நாங்கள் 2008-இல் 15 சதவீதம்தான் இழந்தோம்' என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். அன்று அவர்கள் கையில் பெரும்பகுதி வங்கி வைப்பாக இருந்திருக்கும். இன்றைய தொகுப்புக்கும் அந்த 15 சதவீதத்துக்கும் தொடர்பில்லை.

இன்றைய ஃபண்ட் அன்று பிறந்தே இருக்காது என்பது அடுத்த சிக்கல். அப்போது அதே குணமுள்ள ஒரு குறியீட்டை அதன் இடத்தில் வைக்க வேண்டும். கடன் பத்திரத்துக்கு அதன் டியூரேஷன் கைகொடுக்கும். ஒரு கில்ட் ஃபண்டின் டியூரேஷன் 7 என்றால், சந்தை வட்டி விகிதம் 1 சதவீதப் புள்ளி ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும். வட்டி இறங்கினால் அதே அளவு ஏறும். பெரிய அசைவுகளில் இந்தக் கணக்கு சற்று விலகும் என்றாலும் நம் வேலைக்கு இது போதும். டியூரேஷன் எண்ணை ஒவ்வொரு ஃபண்டும் தன் மாத அறிக்கையில் அச்சிடுகிறது. நம் கில்ட் ஃபண்டுக்கு 7 என்றும், கிரெடிட் ஃபண்டுக்கு 2 என்றும் வைத்துக்கொள்கிறேன்.

2008: பங்கு விழுந்தது, பத்திரம் தாங்கியது

2008 ஆண்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிஃப்டி சுமார் 52 சதவீதம் இழந்தது. மிட்கேப் பங்குகள் மூன்றில் இரண்டு பங்கை இழந்தன. நெருக்கடி அமெரிக்காவிலிருந்து வந்தது. லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு ரிசர்வ் வங்கி வட்டியை வேகமாகக் குறைத்தது. 9 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதமானது. 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி ஆண்டின் தொடக்கத்தைவிட ஏறக்குறைய 2.5 புள்ளிகள் குறைந்து ஆண்டை முடித்தது. டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்ததால் ரூபாய்க் கணக்கில் தங்கம் கால் பங்குக்குக் குறையாமல் ஏறியது.

இதை நம் தொகுப்பின் மீது போடுவோம். நிஃப்டி ஃபண்டில் 20.8 லட்சம் நட்டம். மிட்கேப், ஸ்மால்கேப்பில் 10 லட்சம் நட்டம். கில்ட் ஃபண்டில் 3.5 லட்சம் லாபம், தங்கத்தில் 2.5 லட்சம் லாபம். கிரெடிட் ஃபண்டில் அரசு வட்டி இறங்கியதன் பலனும் நிறுவனங்கள் மீதான அவநம்பிக்கையும் ஒன்றையொன்று ஈடுகட்டியதாக வைத்து மாற்றமில்லை என்று கொள்கிறேன். மொத்த நட்டம் ஏறக்குறைய 25 லட்சம்.

தேதிகளை எப்படி வெட்டுகிறோம் என்பது விடையை மாற்றிவிடும். காலண்டர் ஆண்டுக்குப் பதிலாக ஜனவரி 8 உச்சத்திலிருந்து அக்டோபர் 27 வரை எடுத்தால் நிஃப்டியின் வீழ்ச்சி சுமார் 60 சதவீதம். அதே ஆண்டில் ஜூலை நடுவில் நின்று பார்த்தால் படமே வேறு. அப்போது பணவீக்கத்தை அடக்க ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டிருந்தது. 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நிஃப்டி ஆண்டுத் தொடக்கத்திலிருந்து சுமார் 38 சதவீதம் கீழே. அந்த ஜூலையில் பணம் தேவைப்பட்டவருக்குப் பங்கும் நட்டம், பத்திரமும் நட்டம். டிசம்பரில் வந்த லாபம் அவருக்கு உதவியிருக்காது. அதனால் முடிவுத் தேதியை மட்டும் பார்க்காமல், நடுவில் மிக மோசமான மாதம் எது என்பதையும் நான் தனியாக எழுதி வைப்பேன்.

2013: பத்திரமும் சேர்ந்து விழுந்தது

2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரங்கள் வாங்குவதைப் படிப்படியாகக் குறைக்கக்கூடும் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். வளரும் நாடுகளிலிருந்து டாலர் வெளியேறத் தொடங்கியது. சுமார் 55 ரூபாயாக இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. ரூபாயைக் காக்க ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. 7 சதவீதத்தை ஒட்டியிருந்த 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி ஆகஸ்டில் 9 சதவீதத்தைத் தாண்டியது.

2008 முடிவில் மத்திய வங்கி செய்ததற்கு இது நேர் எதிர். அப்போது வளர்ச்சியைக் காக்க வட்டி இறங்கியது. இப்போது ரூபாயைக் காக்க ஏறியது. ஒரு நெருக்கடியில் அரசுப் பத்திரம் நமக்குக் கவசமா, கூடுதல் காயமா என்பதை அந்த நெருக்கடியின் காரணமே தீர்மானிக்கிறது. பங்குக்கும் பத்திரத்துக்கும் உள்ள உறவைச் சராசரியாக ஒரு எண்ணில் அடைக்கும்போது தொலைந்துபோவது இதுதான்.

கணக்கு: நிஃப்டி சுமார் 13 சதவீதம் இறங்கியது, அதில் 5.2 லட்சம். சிறிய பங்குகளுக்கு 20 சதவீதம் வைத்தால் 3 லட்சம். வட்டி 2 புள்ளி ஏறியதால் கில்ட் ஃபண்டில் 14 சதவீதம், அதாவது 2.8 லட்சம். கிரெடிட் ஃபண்டில் குறுகிய கால வட்டி 2.5 புள்ளி ஏறியதாக வைத்து 75,000. ரூபாய் சரிந்ததால் தங்கத்தில் மட்டும் 2.5 லட்சம் லாபம். மொத்த நட்டம் சுமார் 9.25 லட்சம். 2008-உடன் ஒப்பிட்டால் சிறிய தொகை. 'பரவாயில்லையே' என்று பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். அப்படிப் புரட்டிவிடக் கூடாது. ஏன் என்பதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

2020: பணம் இருந்தும் எடுக்க முடியவில்லை

2020 ஜனவரி 14-இலிருந்து மார்ச் 23 வரை நிஃப்டி 38 சதவீதம் விழுந்தது. சிறிய பங்குகளுக்கு 45 சதவீதம் வைக்கிறேன். நம் தொகுப்பில் முன்னதில் 15.2 லட்சமும் பின்னதில் 6.75 லட்சமும் நட்டம். அரசுப் பத்திரத்தில் பெரிய அசைவில்லை. தங்கத்தில் 50,000 லாபம் வைத்தால் மொத்த நட்டம் ஏறக்குறைய 21.5 லட்சம்.

ஆனால் இந்த நெருக்கடி கற்றுத்தந்த பாடம் விலையில் இல்லை. ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் 6 கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. தரம் குறைந்த பத்திரங்களை வாங்க ஆளில்லை. முதலீட்டாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து யாரும் பணம் எடுக்க முடியவில்லை. முதல் தவணை 2021 பிப்ரவரியில்தான் கைக்கு வந்தது. பின்னர் தொகை முழுதும் திரும்பி வந்தது. ஆகவே இறுதிக் கணக்கில் நட்டம் என்று எழுத ஒன்றுமில்லை. ஆனால் மாதாமாதம் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்தவருக்கு அந்தப் பத்து மாதங்கள் என்ன ஆயின?

விலை மாற்றத்தை மட்டும் எழுதும் சோதனையில் இந்தக் கேள்வி எழவே எழாது. அதனால் ஒவ்வொரு சொத்துக்கும் விலை வீழ்ச்சியோடு 'எத்தனை நாளில் காசாகும்' என்ற ஒரு கட்டத்தையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் தங்கள் தொகுப்பில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாட்கள் ஆகும் என்பதை 2024 மார்ச் முதல் வெளியிடுகின்றன. அதைப் படித்துவிட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

நட்டத்துக்கு அருகில் இன்னொரு வரிசை

மூன்று நெருக்கடிகளின் நட்டம்: 25 லட்சம், 9.25 லட்சம், 21.5 லட்சம். இதை மட்டும் பார்த்தால் 2008 மிக மோசம், 2013 மிக லேசு.

இப்போது பக்கத்தில் இன்னொரு வரிசை எழுதுவோம். அந்த நெருக்கடியின் முடிவில் நட்டமில்லாமல், தாமதமில்லாமல் விற்கக்கூடியது எவ்வளவு? அது எத்தனை ஆண்டுச் செலவுக்கு வரும்?

2008 முடிவில் கில்ட் ஃபண்ட் 23.5 லட்சம், தங்கம் 12.5 லட்சம். இரண்டும் சேர்ந்து 36 லட்சம். ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் 6 ஆண்டுகள் பங்குகளைத் தொடாமல் காத்திருக்கலாம். 2020-இல் கில்ட் 20 லட்சம், தங்கம் 10.5 லட்சம். கிரெடிட் ஃபண்ட் முடங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் 5 ஆண்டுச் செலவுக்கு இருக்கிறது. 2013-இல்? பங்கு நட்டம், கில்ட் நட்டம், கிரெடிட் நட்டம். மிச்சம் தங்கம் மட்டுமே, 12.5 லட்சம். 2 ஆண்டுகள்தான்.

நட்டக் கணக்கில் கடைசியில் நின்ற 2013, பிழைப்புக் கணக்கில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மாதச் செலவுக்குத் தொகுப்பை நம்பியிருப்பவருக்கு இந்த இரண்டாவது வரிசைதான் முக்கியம். விழுந்த பங்குகள் மீண்டு வரலாம். விழுந்த விலையில் விற்றுத் தீர்த்த பங்கு மீண்டு வராது.

நடக்காததை எழுதுவது

வரலாறு அப்படியே திரும்புவதில்லை. ஆகவே நடந்தவற்றின் துண்டுகளைச் சேர்த்து நடக்காத ஒன்றையும் எழுத வேண்டும். இங்கே கட்டாயமான ஒழுங்கு ஒன்று உண்டு: காரணத்தில் தொடங்கி, ஒன்று அடுத்ததை எப்படி இழுக்கும் என்று வரிசையாக எழுத வேண்டும். 'எல்லாம் 30 சதவீதம் விழுகிறது' என்று போடுவது சோதனை ஆகாது. எதிலிருந்து எது விழுந்தது என்று தெரியாவிட்டால், எதை மாற்றினால் தப்பலாம் என்பதும் தெரியாது.

நம் தம்பதிக்கு நான் எழுதும் சூழ்நிலை இது. வளைகுடாவில் போர் நீள்கிறது. கச்சா எண்ணெய் விலை இரட்டிப்பாகிறது. தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு டாலர் தேவை பெருகுகிறது, ரூபாய் சரிகிறது. விலைவாசி ஏறுகிறது. ரிசர்வ் வங்கியால் வட்டியைக் குறைக்க முடியவில்லை, ஏற்றுகிறது. அந்நிய முதலீட்டாளர்கள் பங்கை விற்று வெளியேறுகிறார்கள். கடனில் ஓடும் நடுத்தர நிறுவனங்கள் வட்டி கட்டத் திணறுகின்றன; ஒன்றிரண்டு தவறுகின்றன. கிரெடிட் ஃபண்டுகளில் பணம் கேட்டு வரிசை நீள்கிறது.

இதில் ஒவ்வொன்றும் முந்தையதால் நடக்கிறது. அதற்கேற்ப எண்கள்: நிஃப்டி 40 சதவீதம் இறக்கம், 16 லட்சம் நட்டம். சிறிய பங்குகள் 55 சதவீதம், 8.25 லட்சம். வட்டி 2.5 புள்ளி ஏற்றம், கில்ட் ஃபண்டில் 3.5 லட்சம். கிரெடிட் ஃபண்டில் 10 சதவீதம், 1.5 லட்சம், மீதியும் ஓர் ஆண்டுக்கு முடக்கம். தங்கத்தில் 1 லட்சம் லாபம். மொத்த நட்டம் 28.25 லட்சம்.

2008-இன் 25 லட்சத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது வரிசையைப் பாருங்கள். நட்டமில்லாமல் விற்க முடிவது 11 லட்சம் தங்கம் மட்டும். 2 ஆண்டுச் செலவுக்குக்கூட வராது. ஏறக்குறைய ஒரே நட்டம். ஒன்றில் 6 ஆண்டு அவகாசம், இன்னொன்றில் 2 ஆண்டுக்கும் குறைவு.

பிறகு தலைகீழாகவும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். முடிவை முதலில் எழுதி, அதற்கு என்ன நடக்க வேண்டும் என்று தேடுவது. இந்தத் தொகுப்பு 60 லட்சத்துக்கு இறங்கினால், ஆண்டுக்கு 6 லட்சம் எடுப்பது 10 சதவீதம் எடுப்பதாகும். அதைத் தாங்கி மீள்வது கடினம். 40 லட்சம் போக என்ன நடக்க வேண்டும்? பங்குகள் எல்லாம் 60 சதவீதம் விழ வேண்டும்: 33 லட்சம். கில்ட் 15 சதவீதம்: 3 லட்சம். கிரெடிட் கால் பங்கு: 3.75 லட்சம். தங்கம் அசையக் கூடாது. இவை ஒன்றாக நடந்ததில்லை. ஆனால் 2008 உச்சத்திலிருந்து பங்குகள் 60 சதவீதம் விழுந்தது நடந்தது. பத்திரம் அந்த அளவுக்கு விழுந்தது 2013-இல் நடந்தது. கடன் ஃபண்டுகளில் வாராக்கடன் அடிகளும் நடந்தவைதான். இதைக் காட்டிக் குடும்பத்திடம் கேட்கும் கேள்வி ஒன்றே: இதைத் தாங்க முடியுமா, இல்லை இப்போதே ஏதாவது மாற்றலாமா?

மாற்றுவதும் மறுபடி போட்டுப் பார்ப்பதும்

சோதனை ஒரு முடிவுக்கு இட்டுச்செல்லாவிட்டால் அது வீண் உழைப்பு. இங்கே ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிட்டது. பங்கு அதிகம் என்பது முதல் குறையல்ல. வட்டி ஏறும் நெருக்கடியில் கைகொடுக்க ஒன்றும் இல்லை என்பதுதான் குறை. கில்ட் ஃபண்டும் கிரெடிட் ஃபண்டும் பெயரில் வேறு என்றாலும் அந்தச் சூழ்நிலையில் இரண்டும் சேர்ந்து கவிழ்கின்றன.

ஆகவே நிஃப்டி ஃபண்டை 40 லட்சமாக அப்படியே விடுகிறேன். சிறிய பங்குகளை 5 லட்சமாகவும், கில்ட்டை 10 லட்சமாகவும், கிரெடிட்டை 10 லட்சமாகவும் குறைக்கிறேன். விடுபட்ட 25 லட்சம் வங்கி வைப்பிலும் ஓராண்டுக்குள் முதிரும் அரசின் கருவூல பில்களிலும் போகிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதால் வைப்பைப் பல வங்கிகளில் பிரித்துப் போட வேண்டும். தங்கம் 10 லட்சம் அப்படியே.

மறுபடி அதே சூழ்நிலைகள். 2008: நட்டம் 20 லட்சம். 2013: சுமார் 5.6 லட்சம். எண்ணெய்ச் சூழ்நிலை: 20.5 லட்சம். அந்தக் கடைசிச் சூழ்நிலையில் நட்டமில்லாமல் எடுக்கக்கூடியது வைப்பும் பில்லும் 25 லட்சம், தங்கம் 11 லட்சம், மொத்தம் 36 லட்சம். 2 ஆண்டுக்குள் இருந்த அவகாசம் 6 ஆண்டானது.

இதற்கு விலை உண்டு. நல்ல ஆண்டுகளில் வருமானம் குறையும். பழைய ஃபண்டுகளை விற்கும்போது வரி கட்ட வேண்டும். 25 லட்சத்தை விலைவாசி மெல்ல அரிக்கும். இவற்றையும் அதே தாளில் எழுதிக் காட்ட வேண்டும். பாதுகாப்பை இலவசம்போலச் சொல்வது நியாயமல்ல.

இந்த மாற்றத்தை அந்த ஒற்றை எண் எப்படிப் பார்த்தது? முன்பு 90,000, இப்போது சுமார் 75,000. 15,000 ரூபாய் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான். குடும்பத்தின் நிலை தலைகீழாக மாறியதை அதில் யாரும் படித்துவிட முடியாது.

எங்கே பிசகும்

இந்த முறையும் ஏமாற்றக்கூடியதுதான். அதிகம் நடப்பது, விடையைப் பார்த்துவிட்டுச் சூழ்நிலையைத் திருத்துவது. 40 சதவீத வீழ்ச்சி போட்டால் படம் பயமுறுத்துகிறது. 30 ஆக்கினால் அழகாக வருகிறது. இந்த ஆசைக்கு ஒரே மருந்து, சூழ்நிலைகளை எண்களோடு எழுதித் தேதியிட்டு மூடிவைத்த பிறகே தொகுப்பின் மீது போடுவது. பிறகு எண்ணை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று பக்கத்தில் எழுத வேண்டும்.

கடைசியாக நடந்த நெருக்கடிக்கு மட்டும் தயாராவது இன்னொன்று. 2020-க்குப் பிறகு பலரும் சில வாரங்களில் விழுந்து சில மாதங்களில் மீளும் சந்தையை மட்டுமே மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 2008 ஜனவரியின் உச்சத்தை நிஃப்டி நிலையாகத் தாண்டியது 2014-இல்தான். மீள 6 மாதம் ஆகும் என்று வைப்பதற்கும் 6 ஆண்டு ஆகும் என்று வைப்பதற்கும் இடையில்தான் இந்தத் தம்பதியின் வாழ்க்கை இருக்கிறது.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்ச் சூழ்நிலை வருமா, எப்போது வரும், நூற்றில் எத்தனை வாய்ப்பு என்று இது சொல்லாது. அப்படிச் சொல்வதாக யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். சாதாரண நாட்களின் ஆட்டத்தை அளக்க, ஒரு ஃபண்ட் மேலாளர் திடீரென்று போக்கை மாற்றிவிட்டாரா என்று கண்டுபிடிக்க, ஒற்றை எண் இன்றும் நல்ல கருவி. அதை நானும் நாள்தோறும் பார்க்கிறேன். அதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் பிழைப்பை முடிவு செய்யக் கூடாது என்பதே என் வாதம்.

உங்கள் தொகுப்புக்கு இதைச் செய்ய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு தாள் போதும். இடப்பக்கம் உங்கள் சொத்துகளையும் தொகைகளையும் எழுதுங்கள். மேலே 2008, 2013, 2020, அதோடு உங்கள் தொழிலையும் ஊரையும் பாதிக்கக்கூடிய ஒன்றை நீங்களே எழுதிய சூழ்நிலை. உங்கள் சம்பளம் எந்தத் துறையிலிருந்து வருகிறதோ அந்தத் துறை விழுவதையும் அதில் சேருங்கள். வேலையும் முதலீடும் ஒரே நாளில் அடிபடுவது அரிதல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் நட்டத்தை எழுதுங்கள். கீழே, நட்டமில்லாமல் உடனே எடுக்கக்கூடியது எத்தனை மாதச் செலவுக்கு வரும் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியில் மிகச் சிறிய எண் எந்தச் சூழ்நிலையில் வருகிறதோ, அதிலிருந்து உங்கள் மாற்றங்களைத் தொடங்குங்கள். சந்தை அமைதியாக இருக்கும்போதே செய்யுங்கள். நல்ல விலைக்கு விற்க அப்போதுதான் முடியும்.